மூன்று வேலை, ஒரே பிராசசர்

கரும்பலகையைப் படம் பிடித்த கைபேசியில் மூன்று வரிதான். P1 வருவது 0-ல், ஓட வேண்டியது 7 மில்லிசெகண்ட். P2: 1-ல் வந்து 4. P3: 2-ல் வந்து 1. இவற்றுக்குப் பிராசசரை எந்த வரிசையில் கொடுப்பது?

முதலில் வந்தவருக்கே முதலிடம் என்றால் P1 7 வரை ஓடும். P2 11-ல், P3 12-ல் முடியும். முடிந்த நேரத்திலிருந்து வந்த நேரத்தையும் ஓடிய நேரத்தையும் கழித்தால் காத்திருப்பு கிடைக்கும்: 0, 6, 9. சராசரி 5. வந்த நேரத்தைக் கழிக்க மறப்பதுதான் பலரும் சறுக்கும் இடம்.

P1 முடிந்ததும் காத்திருப்பவற்றில் சிறியதை எடுத்தால் P3 முந்தும், சராசரி 4.

ஓடுவதையே இடையில் நிறுத்தலாம் என்றால் படமே மாறுகிறது. 1-ல் P2 வந்ததும், இன்னும் 6 மீதமுள்ள P1 விலகுகிறது. 2-ல் P3 நுழைந்து 3-ல் முடிகிறது. P2 தொடர்ந்து 6-ல் முடிய, P1 மறுபடி ஓடி 12-ல் முடிகிறது. காத்திருப்பு 5, 1, 0. சராசரி வெறும் 2. அதற்கான விலையை P1 கொடுக்கிறது. சின்ன வேலைகள் வந்துகொண்டே இருந்தால் அதற்கு முறையே வராது. நிஜக் கணினிக்கோ ஒரு வேலை எவ்வளவு நேரம் ஓடும் என்பது முன்கூட்டித் தெரியாது. பழைய ஓட்டங்களை வைத்து ஊகிக்கத்தான் முடியும்.

மங்கலான படத்தில் P3-இன் 1, 7 போலத் தெரியலாம். அப்போதும் முதல் முறையின் சராசரி 5-தான், ஏனென்றால் P3 கடைசியில் ஓடுகிறது. மூன்றாம் முறையிலோ 2 என்பது 4.33 ஆகிவிடும். கோட்டின் முடிவும் 12-லிருந்து 18-க்கு நகரும்.