குறிலில் பேசும் அணில், நெடிலில் பேசும் யானை

தோல்பாவைக்கூத்தில் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரே கலைஞர் ராமனுக்கும் ராவணனுக்கும் குரல் கொடுப்பார். நடுவில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து அடிக்கும் லூட்டிக்கும் அதே தொண்டைதான். எதிரே இருப்பவர்கள் கதை தெரிந்த பெரியவர்கள் என்பதால், குரல் கொஞ்சம் கலந்தாலும் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு வயதுக் குழந்தையிடம் அது நடக்காது. யார் பேசுகிறார்கள் என்று புரியாத அந்த நொடியே அது பொம்மையை விட்டுவிட்டு, பொம்மை ஆட்டுபவரின் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

வீட்டிலோ அங்கன்வாடியிலோ இரண்டு கைப்பொம்மைகளை வைத்துக் கதை சொல்ல முயல்பவர்கள் முதலில் நம்புவது தொண்டையைத்தான். யானைக்குக் கரகரப்பு, அணிலுக்குக் கீச்சுக்குரல். இரண்டு நிமிடத்தில் தொண்டை கட்டும். கீச்சுக்குரலில் சொற்கள் தேய்ந்து குழந்தைக்கு எதுவும் விளங்காது. கரகரப்பைக் கேட்டு முன்வரிசையில் யாராவது அழுவார்கள். குரல் வேறுபாட்டின் பெரும்பகுதியை எழுதும்போதே வசனத்துக்குள் வைத்துவிடலாம். அதற்குத் தமிழில் வாகான ஒரு கருவி இருக்கிறது: குறிலும் நெடிலும்.

அணில் கொய்யாப்பழத்தைத் தொலைத்துவிட்டது, யானை அதைத் தேடித் தருகிறது என்று ஒரு சின்னக் கதையை எடுத்துக்கொள்வோம். தாளில் அது இப்படி இருக்கும்:

அணில் (சிவப்பு, வலது கை): கிச் கிச்! என் பழம்! என் பழம்! / திடுதிடுன்னு உருண்டுருச்சு!

யானை (நீலம், இடது கை): ஊம்ம்ம்… காணோமா? // வா… தேடலாம்.

அணில் பேசுவதில் ஏறக்குறைய எல்லாமே குறில். யானை பேசுவதில் நெடில்தான் அதிகம். குரலை மாற்றாமல் படித்தாலே ஒன்று துள்ளுகிறது, இன்னொன்று அசைந்து வருகிறது. அணில் ‘மாமா’ என்றும் யானை ‘தம்பி’ என்றும் கூப்பிட்டால், பேசுவது யார் என்பதற்கு இன்னொரு அடையாளமும் கிடைக்கும். எழுதி முடித்ததும் பெயர்களைக் கையால் மறைத்துப் படித்துப் பார்க்க வேண்டும். யாருடைய வசனம் என்று தடுமாறினால், திருத்த வேண்டியது வசனத்தை.

இதன்மேல் வாய் கொஞ்சம் வேலை செய்தால் போதும். யானைக்கு உதட்டைக் குவித்து மெதுவாகப் பேசலாம். குரல் தாழாமலே கனம் கூடும். அணிலுக்குச் சிரிக்கும்போது இருப்பதுபோல உதட்டை விரித்தால் ஒலி கூர்மையாகும். உதடு குவியும்போது குரல் வெளிவரும் பாதை நீள்கிறது, விரியும்போது குறுகுகிறது, காரணம் அவ்வளவுதான். அடிக்குரல் வராத பெண்களும் இப்படி யானையாகலாம்.

தாளில் ஒற்றைச் சாய்கோடு சின்ன நிறுத்தம். இரட்டைக்கோடு இன்னும் நீண்டது. அதற்குள் எச்சில் விழுங்கி, மூச்சு எடுத்துக்கொள்ளலாம். ‘கிச் கிச்’, ‘ஊம்ம்ம்’ இரண்டும் அழகுக்காகச் சேர்த்தவை அல்ல. அணிலிலிருந்து யானைக்குத் தாவும்போது முதல் சொல்லில்தான் குரல் வழுக்கும். அந்த வழுக்கலை ‘ஊம்ம்ம்’ வாங்கிக்கொள்ளும்; அடுத்து வரும் சொல் சுத்தமாக விழும். இரண்டு நிறமும் அவசரத்தில் கண் தேடுவதற்காக. யானை எப்போதும் இடது கைதான். பாதிக் கதையில் கை மாறினால் குழந்தைக்கு முன்னால் ஆட்டுபவரே குழம்பிப்போவார்.

பேசாத பொம்மை அசையக் கூடாது. பேசும் பொம்மையைப் பார்த்தபடி அது சும்மா இருக்க வேண்டும். சொல்ல எளிது, பேசும் கை ஆடினால் மற்றக் கையும் தானாக ஆடும். கண்ணாடி முன்னால் நாலைந்து முறை செய்தால்தான் அது அடங்கும்.

அதிகம் நேரும் பிழை கதையின் பிற்பகுதியில் வரும். பழம் கிடைக்கப்போகிறது என்ற பரபரப்பில் யானையும் வேகமெடுத்து, இரண்டு குரலும் ஒன்றாகிவிடும். பேசுபவருக்கு இது தெரியாது. செல்போனில் பதிவுசெய்து தாளைப் பார்க்காமல் கேட்டால் எந்த வரியில் கலந்தது என்று பிடிபடும். அந்த வரிக்கு மேல் நீல மையில் ‘மெதுவா’ என்று எழுதிவைக்கலாம். ஆட்டத்தின்போது குழந்தைகளின் கண் தப்பான பொம்மைப் பக்கம் போவதும் அதே பிழையின் அறிகுறிதான்.

பழம் யானைக்கு அடியிலேயே நசுங்கிக் கிடக்கிறது. இருவரும் சேர்ந்து சிரிக்க வேண்டும். ஒரு தொண்டையில் இரண்டு சிரிப்பு வராது. அதனால் கடைசி வரி இப்படி: யானை: ஹோ… ஹோ… ஹோ… (அணில் சத்தமில்லை, வலது கை குலுங்கணும்).