பெரிய கான்ஃபரன்ஸ் ரூம் எதற்கு?

கோவையில் 14 பேர் வேலை பார்க்கும் ஒரு சிறு மென்பொருள் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். இடம் 25 அடி அகலம், 40 அடி நீளம். கார்ப்பெட் ஏரியா 1,000 சதுர அடி. வாசல் ஒரு முனையில், ஜன்னல்கள் மறுமுனையில். முதலாளி முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "பன்னிரண்டு பேர் உட்கார்ற மாதிரி ஒரு கான்ஃபரன்ஸ் ரூம் போட்டுடுங்க." அதற்கு 12-க்கு 20 அடி, இடத்தில் கால்வாசி போய்விடும். அந்த அறை வாரத்தில் ஒரு நாள் நிரம்பும். மற்ற நாட்களில் இரண்டு பேர் உள்ளே போய் வீடியோ கால் பேசுவார்கள்.

அதற்குப் பதிலாக 10-க்கு 10 அடியில் ஐந்து பேருக்கு ஓர் அறை, 5-க்கு 6 அடியில் இரண்டு சின்ன அறைகள் போதும். மொத்தம் 160 சதுர அடி. எல்லாரும் கூடும் திங்கட்கிழமை மீட்டிங்கைத் திறந்த ஹாலிலேயே நின்றபடி முடித்துவிடலாம். மேசை, நாற்காலி, வரிசைகளின் இடைவெளி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 40 சதுர அடி என்றால் 560. நீளச்சுவரை ஒட்டி 4 அடி நடைபாதைக்கு 160. மீதி 120-ல் வரவேற்பும் பான்ட்ரியும்.

நடைபாதையை நடுவில் விடாமல் ஓரத்தில் விடுவதற்குக் காரணம் உண்டு. முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருந்தால் யாருக்கும் வேலை ஓடாது. அறைகள், பான்ட்ரி, பிரிண்டர், தண்ணீர் கேன் எல்லாம் வாசல் பக்கம். அடுத்து, ஓயாமல் போன் பேசும் விற்பனைக்காரர்கள். கடைசியில், ஜன்னலோரம், கோடு எழுதுபவர்களும் கணக்குப் பார்ப்பவர்களும். சத்தம் உள்ளே போகப் போகக் குறைய வேண்டும்; தண்ணீர் பிடிக்க யாரும் அமைதிப் பகுதியைக் கடக்கக் கூடாது.

சுவரை எடுத்தால் எல்லாரும் கலந்து பேசுவார்கள் என்பது பழைய நம்பிக்கை. 2018-ல் வெளியான ஹார்வர்டு ஆய்வு, திறந்தவெளிக்கு மாறிய இரண்டு பெரிய நிறுவனங்களைக் கவனித்தது. நேருக்கு நேர் பேச்சு ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்து, மின்னஞ்சலும் சாட்டும் கூடியிருந்தன. அதனால்தான் அந்தச் சின்ன அறைகளை விட்டுக்கொடுக்கக் கூடாது.

அவற்றைக் கட்டுவதில்தான் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். ஜிப்சம் தடுப்பை ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்திவிட்டால், அதற்கு மேலுள்ள இடைவெளி வழியாகப் பேச்சு அடுத்த அறைக்குத் தெளிவாகப் போகும். தடுப்பு கான்கிரீட் கூரை வரை ஏற வேண்டும், உள்ளே ராக்வூல் அடைக்க வேண்டும். ஸ்லைடிங் கதவும் சத்தத்தைக் கசியவிடும். காற்றோட்டத்தை மறந்துவிட்டால், கால் மணி நேரத்தில் புழுங்கி, கதவைத் திறந்து வைத்தே பேசுவார்கள்.

ஏற்கெனவே ஆபீஸ் நடத்துகிறவர்கள் படிக்கட்டைப் பாருங்கள். அங்கே நின்று ஆட்கள் போன் பேசினால் சின்ன அறை போதவில்லை. புதிதாகப் போடுகிறவர்கள், கார்பென்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், தரையில் மாஸ்கிங் டேப்பால் முழு அளவில் வரைந்து, நாற்காலிகளைப் போட்டு, ஒரு முறை நடந்து பாருங்கள்.