ஃப்ரீலான்ஸ், கிக் வேலையில் பாலியல் தொல்லையா? ஹெச்.ஆர். இல்லாவிட்டாலும் புகார் அளிக்க இடம் உண்டு: விரிவான விளக்கம்

ஆபீஸ் வேலையில் ஒருவர் அத்துமீறினால் ஹெச்.ஆரிடம் போகலாம், உள்ளகப் புகார் குழுவிடம் போகலாம். ஆனால் வீட்டிலிருந்தே டிசைன் செய்து தரும் பெண், ஆப் மூலம் பியூட்டி சர்வீஸுக்குப் போகும் பெண், உணவு டெலிவரி செய்யும் பெண் ஆகியோர் எங்கே போவார்கள்? "நீங்க எங்க ஸ்டாஃபே இல்லையே" என்பதுதான் இவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013-ல் வந்த சட்டம்தான் சுருக்கமாக போஷ் சட்டம் எனப்படுகிறது. இந்தச் சட்டப்படி பாதிக்கப்பட்ட பெண் அந்த நிறுவனத்தின் ஊழியராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 'வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்' என்றே அதன் வரையறை சொல்கிறது. பணியிடம் தொடர்பாக அவருக்குத் தொல்லை நடந்ததா என்பதே கேள்வி.

தொல்லை என்பது தொட்டால் மட்டும் அல்ல. பாலியல் நோக்கிலான பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, 'அட்ஜஸ்ட் பண்ணினா அடுத்த ப்ராஜெக்ட்டும் உங்களுக்குத்தான்' என்று ஆசை காட்டுவது, மறுத்தால் வேலை போகும் என்று மிரட்டுவது எல்லாமே இதில் அடங்கும்.

யார் செய்தார் என்பதைப் பொறுத்தே புகார் எங்கே என்பது

முதலில் பார்க்க வேண்டியது, தொல்லை கொடுத்தவர் வேலை செய்யும் இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் எந்த நிறுவனமும் உள்ளகப் புகார் குழு அமைத்தே ஆக வேண்டும். கிளையண்ட் நிறுவனத்தின் மேனேஜர் ஒருவர் ஃப்ரீலான்சரிடம் அத்துமீறினால், அந்த நிறுவனத்தின் குழுவிடமே அவர் புகார் அளிக்கலாம். குழுவே இல்லை என்றால் மாவட்ட அதிகாரியிடம் முறையிடலாம். குழு அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

பத்துப் பேருக்கும் குறைவாக இருக்கும் சின்ன நிறுவனம் என்றாலோ, தொல்லை கொடுத்தவர் முதலாளியே என்றாலோ வேறு வழி. இதற்காகத்தான் ஒவ்வொரு மாவட்டத்திலும் 'உள்ளூர் குழு' இருக்க வேண்டும் என்கிறது சட்டம். இதன் தலைவர் சமூகப் பணியில் அறியப்பட்ட ஒரு பெண்ணாக இருப்பார். தொண்டு நிறுவனப் பிரதிநிதிகள், அரசின் சமூக நலத் துறை அதிகாரி போன்றோர் உறுப்பினர்கள். ஒருவருக்காவது சட்டப் பின்னணி இருப்பது விரும்பத்தக்கது. சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு.

பல மாவட்டங்களில் இந்தக் குழு பெயரளவில்தான் இருந்தது. அதனால் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, எல்லா மாவட்டங்களிலும் அதிகாரிகளை நியமித்து 2025 ஜனவரி இறுதிக்குள் உள்ளூர் குழுக்களை அமைக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் இதுபற்றிக் கேட்க வேண்டிய இடம் மாவட்ட சமூக நல அலுவலகம். மத்திய அரசின் shebox.wcd.gov.in தளத்திலும் ஆன்லைனில் புகாரைப் பதிவு செய்யலாம்.

ஒரு உதாரணம்

கோவையில் ஒரு கிராஃபிக் டிசைனர், ஏழு பேர் மட்டும் வேலை செய்யும் விளம்பர ஏஜென்ஸிக்கு ஃப்ரீலான்ஸாக வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்ஸி உரிமையாளர் ஜனவரியில் இருந்து இரவு நேரங்களில் வாட்ஸ்அப்பில் தவறாகப் பேசுகிறார். 'வேலை விஷயம் மட்டும் பேசுங்க சார்' என்று அவர் பதில் அனுப்பியும் நிற்கவில்லை. கடைசியாக மார்ச் 10-ம் தேதி ஒரு ஆபாசப் படம் வருகிறது.

உரிமையாளரே தொல்லை கொடுத்தவர், ஆட்களும் பத்துக்குக் கீழ். ஆக, அவர் போக வேண்டியது உள்ளூர் குழு. கடைசிச் சம்பவம் நடந்த நாளில் இருந்து மூன்று மாதம், அதாவது ஜூன் 10-க்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். புகாரின் ஆறு பிரதிகள், கூடவே ஆதாரங்கள், சாட்சிகள் இருந்தால் அவர்களின் பெயர், முகவரி ஆகியவை தேவை. தானாக எழுத முடியாதவருக்கு எழுதிக் கொடுத்து உதவ வேண்டியது குழுவின் கடமை.

புகாரில் 'அவர் ரொம்ப நாளா தொல்லை தர்றார்' என்று பொதுவாக எழுதினால் போதாது. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த எண்ணில் இருந்து, என்ன வார்த்தை, அதற்கு என்ன பதில் என்று வரிசையாக எழுத வேண்டும். ஏஜென்ஸிக்காக வேலை செய்ததைக் காட்ட பழைய பில், பணம் வந்த வங்கி விவரம், வேலை ஒப்படைத்த இமெயில் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். 'இது பெர்சனல் சாட், வேலைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை' என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது இவைதான் கைகொடுக்கும்.

ஏழு வேலை நாட்களுக்குள் உரிமையாளருக்குப் புகாரின் நகல் போகும். பத்து வேலை நாட்களுக்குள் அவர் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும். அடுத்த 10 நாட்களில் அறிக்கை, அதன் பிறகு 60 நாட்களுக்குள் நடவடிக்கை. தவறு நிரூபணமானால் எழுத்துப்பூர்வ மன்னிப்பு, எச்சரிக்கை, இழப்பீடு போன்றவற்றைக் குழு பரிந்துரைக்கலாம். மன உளைச்சல், வேலை வாய்ப்பு இழப்பு, மருத்துவச் செலவு, எதிர்த்தரப்பின் வருமானம் எல்லாவற்றையும் பார்த்து இழப்பீடு முடிவாகும்.

நாள் தவறினால் வழக்கே போய்விடலாம்

ஃப்ரீலான்சர்கள் அதிகம் கோட்டை விடும் இடம் இதுதான். 'இந்த ப்ராஜெக்ட் பணம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று காத்திருக்கும்போது மூன்று மாதம் ஓடிவிடும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அதற்கு மேல் கிடையாது.

மேற்கு வங்கத்தில் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர், துணைவேந்தர் மீது அளித்த புகார் இப்படித்தான் நின்றுபோனது. கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரல், புகார் அளித்தது 2023 டிசம்பர். காலம் கடந்துவிட்டது என்று உள்ளூர் குழு நிராகரித்தது. இடையில் தன்னைப் பதவியில் இருந்து நீக்கியதும் தொல்லையின் தொடர்ச்சிதான் என்று அவர் வாதிட்டார். அதை ஏற்காத உச்ச நீதிமன்றம், 2025 செப்டம்பரில் குழுவின் முடிவையே உறுதி செய்தது. நடந்தது துணைவேந்தரின் சுயவிவரத்தில் இடம்பெற வேண்டும் என்று உத்தரவிட்டாலும், புகார் மீது விசாரணை நடக்கவில்லை.

நம் உதாரணத்துக்கு வருவோம். மார்ச் மாதத்தோடு மெசேஜ் நின்று, மே மாதத்தில் ஏஜென்ஸி அந்த டிசைனருக்கு வேலை கொடுப்பதை நிறுத்துகிறது. 'வேலையை நிறுத்தினதும் தொல்லைதானே, மே மாதத்தில் இருந்து கணக்கு வச்சுக்கலாம்' என்று நினைப்பது ஆபத்து. கடைசி மெசேஜ் வந்த நாளையே கெடுவின் தொடக்கமாக எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

கஸ்டமரே தொல்லை கொடுத்தால்?

ஆப் மூலம் வேலை செய்பவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. தொல்லை கொடுப்பவர் முதலாளியும் இல்லை, சக ஊழியரும் இல்லை. கதவைத் திறக்கும் கஸ்டமர். அவர் மீது நேரடியாகப் போக வேண்டிய இடம் காவல் நிலையம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-வது பிரிவு பாலியல் துன்புறுத்தலுக்கும், 78-வது பிரிவு பின்தொடர்ந்து தொல்லை தருவதற்கும், 79-வது பிரிவு பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் பேச்சு, சைகைக்கும் உரியவை. சம்பவம் நடந்த எல்லையில் இல்லாத காவல் நிலையமும் புகாரைப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். உடனடி உதவிக்கு 112, பெண்கள் உதவி எண் 181.

ஆப்பில் கஸ்டமரின் உண்மையான எண் பெரும்பாலும் தெரியாது. ஆர்டர் முடிந்ததும் சாட் பக்கமும் மறைந்துவிடக்கூடும். அதனால் அங்கேயே ஆர்டர் எண், நேரம், முகவரி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைப்பது முக்கியம். ஆர்டர் எண்ணும் நேரமும் இருந்தால், அந்தக் கஸ்டமர் யார் என்ற விவரத்தை நிறுவனத்திடம் இருந்து போலீஸ் வாங்க முடியும்.

நிறுவனத்துக்குப் பொறுப்பே இல்லையா? பணியிடத்தில் தொடர்புக்கு வரும் வெளியாட்களிடம் இருந்தும் பாதுகாப்பு தருவது, போலீஸ் புகார் அளிக்க விரும்பும் பெண்ணுக்கு உதவுவது ஆகியவை போஷ் சட்டத்தின் 19-வது பிரிவில் முதலாளியின் கடமைகள். ஆனால் 'இவங்க பார்ட்னர், நாங்க முதலாளி இல்லை' என்பதே ஆப் நிறுவனங்களின் வாதம்.

இந்த வாதம் நீதிமன்றத்தில் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. 2018-ல் ஓலா டிரைவர் மீது ஒரு பெண் பயணி அளித்த புகாரில், டிரைவர்கள் ஊழியர்கள் இல்லை என்று சொல்லி நிறுவனம் விசாரிக்க மறுத்தது. 2024 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, போஷ் சட்டத்தின்படி டிரைவரும் ஊழியர்தான் என்று கூறி, விசாரணை நடத்தவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டார். சில நாட்களிலேயே அந்த உத்தரவுக்கு டிவிஷன் பெஞ்ச் தடை விதித்தது. அதனால் கிக் தொழிலாளர்கள் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பிவிட்டு, அதன் பதிலுக்காகக் காத்திருக்காமல் போலீஸ் புகாரையும் அளிப்பதே நல்லது.

இந்தச் சட்டத்தால் கிடைக்காதவை

போஷ் சட்டத்தின் கீழ் பெண்கள் மட்டுமே புகார் அளிக்க முடியும். ஆண்களுக்கு மிரட்டல், தாக்குதல் போன்ற பொதுவான குற்றப் பிரிவுகளில் போலீஸிடம் போகும் வழிதான் உள்ளது. நிலுவையில் உள்ள பில் பணத்தையும் உள்ளூர் குழு வசூலித்துத் தராது. அதற்குத் தனியாக நோட்டீஸ், சிவில் வழக்கு என்று போக வேண்டும்.

'நிரூபிக்க முடியலைன்னா என் மேலேயே கேஸ் வருமா?' என்ற பயமும் பலருக்கு உண்டு. ஆதாரம் போதவில்லை என்பதற்காக மட்டும் புகார் அளித்தவர் மீது நடவடிக்கை எடுக்க முடியாது என்று 14-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தது விசாரணையில் நிரூபணமானால்தான் நடவடிக்கை. புகார் அளித்தவரின் பெயர், முகவரியை வெளியிடவும் சட்டத்தில் தடை உள்ளது. குழுவின் முடிவில் திருப்தி இல்லை என்றால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.