எத்தனை ஹெச்.பி. என்று கேட்பதற்கு முன்

"அண்ணே, நாலு மாடிக்கு எத்தனை ஹெச்.பி. மோட்டார் போதும்?" பம்ப் கடைகளில் அன்றாடம் விழுகிற கேள்வி இது. "ஒண்ணரை போட்டுக்கங்க சார், தண்ணி பிச்சுக்கிட்டு ஏறும்" என்று பதிலும் உடனே வந்துவிடும். ஹெச்.பி. என்பது மோட்டாரின் பலத்தைச் சொல்கிறதே தவிர, அந்தக் கட்டடத்தின் தொட்டிக்கு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் போய்ச் சேரும் என்பதைச் சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ள அரைப் பக்கக் குறிப்பு ஒன்று வேண்டும். பொறியாளர்கள் அதைப் பம்ப் தேர்வுக் குறிப்பு என்பார்கள். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரம், எந்தக் குழாய் என்ற மூன்றுக்கும் அதில் விடை இருக்கும்.

தரைத்தளமும் மூன்று மாடிகளும் கொண்ட ஓர் அடுக்ககத்தை எடுத்துக்கொண்டு அந்தக் குறிப்பை எழுதிப் பார்க்கலாம். 16 வீடுகள், வீட்டுக்கு 4 பேர் என்று 64 பேர். நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் குடிநீர்த் திட்டங்களுக்கு வைத்திருக்கும் அளவு. பெருக்கினால் 8,640 லிட்டர் வருகிறது, 9,000 என்று வைத்துக்கொள்ளலாம். இதைக் காலையில் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும் என்றால் நிமிடத்துக்கு 100 லிட்டர் தேவை. குறிப்பின் முதல் வரி இது. இதற்கு ஓட்டம் என்று பெயர்.

அடுத்தது ஹெட். தண்ணீரை எத்தனை மீட்டர் தூக்க வேண்டும் என்பதுதான் ஹெட். இங்கேதான் பலர் அளவைத் தவறாக எடுக்கிறார்கள். பம்ப் இருக்கும் தரையிலிருந்து மொட்டைமாடி வரை அளந்தால் போதாது. சம்ப்பில் தண்ணீர் மிகக் கீழே இறங்கியிருக்கும் மட்டத்திலிருந்து, மேல்நிலைத் தொட்டிக்குள் குழாய் கொட்டும் வாய் வரை அளக்க வேண்டும். நம் அடுக்ககத்தில் சம்ப்பின் அடி மட்டம் தரைக்குக் கீழே 2.5 மீட்டர். படிக்கட்டு அறையின் மேல் உட்கார்ந்திருக்கும் தொட்டியின் வாய் தரையிலிருந்து 17.5 மீட்டர். ஆக 20 மீட்டர். தண்ணீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்த 20 மாறாது. அதனால் இது நிலை ஹெட்.

தண்ணீர் ஓடத் தொடங்கியதும் இன்னொரு சுமையும் சேர்கிறது. குழாயின் உட்சுவரோடு உரசி, ஒவ்வொரு எல்போவிலும் திரும்பி, ஃபுட் வால்வையும் நான்-ரிட்டர்ன் வால்வையும் தாண்டித்தான் தண்ணீர் மேலே போக வேண்டும். இந்த உரசலை வெல்லவும் பம்ப் உழைக்கிறது. அந்த உழைப்பையும் மீட்டரிலேயே கணக்கிடுவார்கள். நம் கட்டடத்தில் குழாயின் நீளம் 45 மீட்டர். எல்போக்களுக்கும் வால்வுகளுக்கும் ஈடாக இன்னும் 15 மீட்டர் சேர்த்து 60 மீட்டர் என்று கொள்ளலாம். ஒன்றரை அங்குல பிவிசி குழாயில் நிமிடத்துக்கு 100 லிட்டர் ஓடினால் உரசலுக்குப் போவது சுமார் 3 மீட்டர். மொத்த ஹெட் 23 மீட்டர்.

அதே தண்ணீரை ஓர் அங்குலக் குழாயில் அனுப்பினால் உரசலுக்கு மட்டும் ஏறத்தாழ 30 மீட்டர் போய்விடும். 20 மீட்டர் உயரக் கட்டடம் பம்புக்கு 50 மீட்டர் உயரமாகத் தெரியும்.

உரசல் எப்போதும் ஒரே அளவாக இருப்பதில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய செய்தி. ஓட்டம் இரட்டித்தால் உரசல் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. நம் ஒன்றரை அங்குலக் குழாயில் தண்ணீர் ஓடாதபோது தேவையான ஹெட் 20 மீட்டர். 50 லிட்டர் ஓடும்போது 21, 100 லிட்டருக்கு 23, 150 லிட்டருக்கு 27 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இந்தப் புள்ளிகளை ஒரு கட்டத்தாளில் வைத்து இணைத்தால் மெல்ல மேலேறும் ஒரு கோடு கிடைக்கும். அதுதான் சிஸ்டம் கர்வ். அந்தக் கட்டடத்துக்கும் அந்தக் குழாய்க்கும் உரிய கோடு அது. எந்த பம்பை வாங்கி வைத்தாலும் மாறாது.

பம்புக்கும் தனியாக ஒரு கோடு உண்டு. அது எதிர்த்திசையில் இறங்கும். ஹெட் கூடக்கூட பம்ப் தரும் தண்ணீர் குறையும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் அதிகபட்ச ஹெட் என்பது தண்ணீரே வெளிவராத உயரம். பக்கத்தில் போட்டிருக்கும் அதிகபட்ச லிட்டர், ஹெட் குறைவாக இருக்கும்போது மட்டும் கிடைப்பது. இரண்டும் சேர்ந்து ஒருநாளும் கிடைக்காது. ஆகவே கடையில் கேட்க வேண்டியது பம்பின் ஹெட்–ஓட்ட அட்டவணை. நாம் பார்க்கும் 1 ஹெச்.பி. பம்ப் 31 மீட்டரில் 50 லிட்டரும், 28 மீட்டரில் 75 லிட்டரும், 23 மீட்டரை ஒட்டி 105 லிட்டரும் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கோட்டை அதே கட்டத்தாளில் வரைந்தால் இரண்டு கோடுகளும் 105 லிட்டர் அருகே வெட்டிக்கொள்ளும். பம்ப் வேலை செய்யப்போவது அந்த இடத்தில்தான். தொட்டி ஒன்றரை மணி நேரத்துக்குள் நிறையும். 1 ஹெச்.பி. போதும்.

பழைய ஓர் அங்குலக் குழாயை அப்படியே விட்டுவிட்டு இதே பம்பை மாட்டினால் என்ன ஆகும்? அந்தக் குழாயின் கோடு செங்குத்தாக ஏறுவதால் வெட்டும் இடம் 55 லிட்டருக்கு நகர்ந்துவிடும். தொட்டி நிறைய இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட் மின்சாரத்தில் முடிய வேண்டிய வேலைக்கு இரண்டரை யூனிட் வரை போகும். "மோட்டாருக்கு சக்தி போதவில்லை" என்று 2 ஹெச்.பி. வாங்கி மாட்டினாலும், அந்தக் குழாயில் ஓட்டம் 75 லிட்டரைச் சுற்றித்தான் நிற்கும். பலம் இரட்டித்தும் தண்ணீர் ஒன்றரை மடங்கைக்கூட எட்டாது. குழாயை மாற்றியிருந்தால் பழைய மோட்டாரே போதுமானதாக இருந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான பிழையும் நடக்கிறது. இருக்கட்டுமே என்று 50 மீட்டர் ஹெட்டுக்கு வடிவமைத்த பெரிய பம்பை, 23 மீட்டர் மட்டுமே கேட்கும் கட்டடத்தில் வைத்துவிடுகிறார்கள். எதிர்ப்பு குறைவாக இருப்பதால் அளவுக்கு மீறித் தண்ணீரைத் தள்ளி, மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களில் ரிலே விழும், மோட்டார் கைவைக்க முடியாதபடி சுடும், சில சமயம் காயிலே எரிந்துபோகும். பம்பின் தகட்டில் ஹெட் ரேஞ்ச் என்று இரண்டு எண்கள் போட்டிருப்பது இதற்காகத்தான். நம் 23 மீட்டர் அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் விழ வேண்டும், ஓரத்தில் அல்ல.

உறிஞ்சும் பக்கத்துக்கு மட்டும் தனி எல்லை உண்டு. பம்ப் தரையில் இருந்து கீழேயுள்ள தண்ணீரை உறிஞ்சுவதாக இருந்தால் நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டருக்கு மேல் முடியாது. எத்தனை ஹெச்.பி. கூட்டினாலும் இது மாறாது, ஏனென்றால் அங்கே தண்ணீரை மேலே தள்ளுவது காற்றழுத்தம். நம் 2.5 மீட்டர் சம்ப்புக்கு இதில் சிக்கல் இல்லை. உறிஞ்சு குழாயைப் பம்பின் வாயைவிடச் சிறிதாகப் போடாமல் இருந்தால் போதும்.

ஏற்கெனவே பம்ப் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டிலும் இந்தக் கணக்கைச் சரிபார்க்கலாம். 20 லிட்டர் வாளி ஒன்றை மொட்டைமாடிக்கு எடுத்துச் சென்று, தொட்டிக்குள் கொட்டும் குழாய் வாயில் பிடித்து, நிரம்பும் நேரத்தைக் கைப்பேசியில் பாருங்கள். 11, 12 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் வருகிறது. 22 விநாடி ஆனால் 55 லிட்டர்தான். அந்த எண்ணையும், சம்ப்பின் அடியிலிருந்து தொட்டி வாய் வரையுள்ள உயரத்தையும், குழாயின் அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். ஹெச்.பி. பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.