தூணடியில் தெரிந்த ஜல்லி

கட்டுமானத் தளத்தில் பொறியாளர் பேசப் பேச ஒரு மாணவர் குறித்த வரி இது: “பில்லர் அடியில் ஹனிகோம்ப், வைப்ரேட்டர் சரியில்லை.” இதில் கண்டதும் கேட்டதும் கலந்துகிடக்கின்றன. அறிக்கைப் படிவம் முதலில் அவற்றைப் பிரிக்க வேண்டும்.

‘கண்டவை’ பகுதியில் கண்ணும் டேப்பும் சொன்னது மட்டும்: மூலைத் தூண், தரையிலிருந்து 20 செ.மீ. வரை ஜல்லி வெளியே தெரிகிறது, கம்பி தெரியவில்லை. வைப்ரேட்டர் ஓடியதை மாணவர் பார்க்கவில்லை. அது இங்கே வரக்கூடாது.

படத்துக்கு எண், எடுத்த திசை, பக்கத்தில் ஓர் அளவுகோல். தூரத்திலிருந்து ஒன்றும் தேவை. கிட்டத்துப் படம் மட்டும் இருந்தால் எந்தத் தூண் என்பது மறுநாளே மறந்துவிடும்.

‘ஆய்வு’தான் கடினம். வைப்ரேட்டர் காரணத்தைப் பொறியாளர் சொன்னதாகவே எழுதி, மற்றக் காரணங்களையும் பக்கத்தில் வைக்க வேண்டும். சென்ட்ரிங் பலகை இடுக்கில் சிமென்ட் பால் ஒழுகினாலும் இப்படி ஆகும், 1.5 மீட்டருக்கு மேலிருந்து கான்கிரீட்டைக் கொட்டினாலும் ஜல்லி பிரியக்கூடும். பலகைகள் சேரும் விளிம்பில் மட்டும் ஜல்லி தெரிந்தால் ஒழுகல் என்ற ஐயம் வலுக்கும். ஒவ்வொரு முடிவுக்கும் பட எண்ணைச் சேர்க்கச் சொல்வேன். எண் போட முடியாததை ‘கேட்க வேண்டியவை’ என்ற கடைசிக் கட்டத்துக்கு நகர்த்தலாம்: எவ்வளவு உயரத்திலிருந்து கொட்டினார்கள்?