கிளைமே போடவில்லை, பிரீமியம் ஏன் ஏறியது?

ரினியூவல் நோட்டீஸ் வந்ததும் ஏஜென்ட்டுக்குப் போன் போடுகிறோம். "இந்த வருஷம் எல்லாருக்கும் ஏத்திட்டாங்க சார்" என்கிறார். "நான் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கலையே!" என்றால், "அதுக்குத்தான் போனஸ் குடுத்திருக்காங்களே" என்று பதில் வருகிறது.

அவர் சொல்வது பொய்யில்லை. கார், பைக் இன்ஷூரன்ஸில் கிளைம் கேட்காத ஆண்டுக்கு, வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதத்தில் தொடங்கித் தள்ளுபடி கிடைக்கிறது. அந்த நினைப்பிலேயே மருத்துவக் காப்பீட்டையும் பார்க்கிறோம். இங்கே பெரும்பாலான பாலிசிகளில் போனஸ் கவரேஜ் தொகையைத்தான் கூட்டும், பிரீமியத்தைக் குறைக்காது. 10 லட்சம் கவர் 11 லட்சமாகலாம். கட்டுகிற பணம் குறையாது.

அப்படியென்றால் ஏறியது எது? கணக்குக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர், மனைவி, மகன் மூவருக்கும் ஒரே ஃபேமிலி ஃப்ளோட்டர் பாலிசி. 2025 ஆகஸ்டில் கட்டியது 25,960 ரூபாய். 2026 ஆகஸ்டுக்கு வந்த நோட்டீஸில் 27,324. 'ஆயிரத்துச் சொச்சம்தானே, ஐந்து சதவீதம்' என்று கட்டிவிடத் தோன்றும். இங்கேதான் ஏமாறுகிறோம்.

பழைய ரசீதைப் பிரித்தால், அடிப்படை பிரீமியம் 20,000. மனைவிக்கு ரத்த அழுத்தம் இருப்பதாகப் பாலிசி எடுக்கும்போதே சொன்னதால் 10 சதவீதம் லோடிங், 2,000. இரண்டும் சேர்ந்து 22,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3,960. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. (அலுவலகத்தில் எடுக்கும் குரூப் பாலிசிக்கு அந்தச் சலுகை இல்லை.) ஆகவே இந்த ஆண்டின் 27,324 முழுவதும் கம்பெனிக்கே போகிறது. 22,000த்தை 27,324 உடன்தான் ஒப்பிட வேண்டும். ஏற்றம் 5,324 ரூபாய், கிட்டத்தட்ட 24 சதவீதம். வரி விலகியதால் கிடைத்திருக்க வேண்டிய நிம்மதி முழுவதையும் விலையேற்றம் விழுங்கிவிட்டது.

அந்த 5,324 எப்படி வந்தது? கணவருக்கு 46 வயது ஆகிவிட்டது. ஃப்ளோட்டரில் பெரும்பாலும் மூத்தவரின் வயதை வைத்தே பிரீமியம் போடுகிறார்கள். இந்த பாலிசியில் 41-45 ஒரு படி, 46-50 அடுத்த படி. படி மாறியதில் 20,000 என்பது 23,000 ஆனது. கம்பெனி எல்லா வாடிக்கையாளர்களுக்கும் 8 சதவீதம் விலையேற்றியதில் இன்னொரு 1,840. லோடிங் சதவீதக் கணக்கு என்பதால், அடிப்படை ஏறியதும் அதுவும் தானாக 2,484 ஆனது. மனைவியின் உடல்நிலையில் எந்த மாற்றமும் இல்லாமலே 484 ரூபாய் கூடிவிட்டது.

நோட்டீஸில் இதெல்லாம் ஒரே தொகையாக வந்தால், வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் கேட்டால் பதிவு நிற்காது. வாசகம் இவ்வளவு போதும்: "என் பாலிசி எண் இது. சென்ற ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் அடிப்படை பிரீமியம், ஒவ்வொருவருக்குமான லோடிங்கும் அதன் காரணமும், தள்ளுபடி, கூடுதல் கவர்களின் விலை, வரி ஆகியவற்றைத் தனித்தனி வரியாகத் தரவும். வயதுப் படி மாறியதால் எவ்வளவு, பொது விலையேற்றத்தால் எவ்வளவு என்றும் பிரித்துக் காட்டவும்."

பதிலில் முதலில் லோடிங் வரியைப் பாருங்கள். சென்ற ஆண்டு இல்லாத லோடிங் புதிதாக முளைத்திருந்தால் காரணம் கேளுங்கள். ஒருவர் கிளைம் வாங்கினார் என்பதற்காக ரினியூவலில் அவருக்கு மட்டும் லோடிங் போட ஐஆர்டிஏஐ விதிகள் அனுமதிப்பதில்லை; ஏற்றினால் அந்தத் திட்டத்தில் உள்ள எல்லாருக்கும் ஏற்ற வேண்டும். அடுத்து, நீங்கள் கேட்காத கூடுதல் கவர் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா, பழைய தள்ளுபடி சத்தமில்லாமல் போய்விட்டதா என்று பாருங்கள். பெற்றோர் பாலிசி என்றால் இன்னொரு பிடி உண்டு: 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் முன்கூட்டியே ஐஆர்டிஏஐயிடம் கலந்துபேச வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது.

பதில் வராவிட்டால் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கும், பிறகு ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் (bimabharosa.irdai.gov.in) புகார் செய்யலாம். அதற்கும் மேல் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது, கட்டணம் கிடையாது. கணக்கில் பிழை இருந்தால் இவற்றால் பலன் உண்டு. எல்லாருக்கும் பொதுவாக ஏற்றிய விலையைக் குறைத்துத் தருவார்கள் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

பதிலுக்குக் காத்திருந்து கெடு தேதியைத் தவறவிடாதீர்கள். ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கட்டினால் பாலிசியின் தொடர்ச்சி அறுந்துபோகாது. ஆனால் கெடு முடிந்து, பணம் கட்டாத அந்த இடைநாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கவர் கிடையாது.