சிங்கப்பூர் ஆஃபர் லெட்டர்: உங்க கைக்கு உண்மையில் எவ்வளவு வரும்?

சொந்த ஊர் பள்ளிப்பட்டு, வேலை சென்னையில், சம்பளம் வருஷத்துக்கு ரூ.24 லட்சம். இப்போ கம்பெனி உங்களை இரண்டு வருஷத்துக்கு சிங்கப்பூர் அனுப்புது. லெட்டரில் ரிலொகேஷன், ஹவுசிங், டாக்ஸ் ஈக்வலைசேஷன் என்று மூணு வரி இருக்கு. இந்த மூணுக்கும் என்ன அர்த்தம்னு ஒரு கணக்கோடு பார்ப்போம். ஒரு வெள்ளி ரூ.65 என்று வைத்துக்கொள்வோம்.

ரிலொகேஷன்: எவ்வளவு என்பதோடு, எப்போ என்பதும் முக்கியம்

விமான டிக்கெட், சாமான் அனுப்பும் செலவு, முதல் சில வாரம் தங்கும் இடம் எல்லாம் இதில் வரும். சில கம்பெனி மொத்தமாக ஒரு தொகை கொடுக்கும். சில கம்பெனியில் நீங்க செலவு பண்ணி, பில் கொடுத்துத் திரும்ப வாங்கணும். இரண்டாவது வகை என்றால் கையில் பணம் வேணும்.

ஏன்னா சிங்கப்பூரில் இரண்டு வருஷ வாடகை ஒப்பந்தத்துக்கு வழக்கமா இரண்டு மாத வாடகை டெபாசிட், கூடவே முதல் மாத வாடகை. வாடகை 2,500 வெள்ளி என்றால், முதல் சம்பளம் வருவதற்கு முன்னாடியே 7,500 வெள்ளி, அதாவது சுமார் ரூ.4.9 லட்சம் வெளியே போகும். டெபாசிட்டை கம்பெனி கட்டுமா, இல்லை அட்வான்ஸாவது தருமா என்று கிளம்பும் முன் கேளுங்க. ஒரு வருஷத்துக்குள் ராஜினாமா செய்தால் ரிலொகேஷன் பணத்தைத் திருப்பித் தரணும் என்ற ஷரத்து இருக்கான்னும் பாருங்க.

ஹவுசிங்: சும்மா கிடைக்கும் வீட்டுக்கும் வரி உண்டு

கம்பெனி வாடகை கட்டினாலும், சிங்கப்பூர் வரித்துறை அதை உங்க வருமானமாகத்தான் பார்க்கும். அங்கே உங்க சம்பளமும் படிகளும் சேர்ந்து வருஷத்துக்கு 72,000 வெள்ளி என்றால், வரி சுமார் 2,720 வெள்ளி. வாடகை 30,000 சேர்ந்தால் வரி 5,765 ஆகிவிடும். வீட்டுக்காக மட்டும் கூடுதல் வரி 3,045 வெள்ளி, கிட்டத்தட்ட ரூ.2 லட்சம். இதை யார் கட்டுவது? அதற்கான பதில்தான் மூணாவது வரி.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' இருக்கணும். கம்பெனி உங்களைப் பாதியில் திருப்பி அழைத்தால், வழக்கமா 12 மாதம் முடிந்த பிறகு இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து வெளியேற அது வழி செய்யும். அதற்கு முன்னாடியே அழைத்தால் மீதி வாடகை யார் பொறுப்பு என்பதை கம்பெனியிடம் எழுதி வாங்குங்க.

டாக்ஸ் ஈக்வலைசேஷன்: லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை

இந்தியாவிலேயே இருந்திருந்தால் எவ்வளவு வரி கட்டியிருப்பீங்களோ, அதை கம்பெனி சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். இதுக்குப் பெயர் 'ஹைப்போ டாக்ஸ்'. இரண்டு நாட்டிலும் வரும் நிஜ வரியை கம்பெனியே கட்டும்.

2025-26 புதிய வரி முறையில் ரூ.24 லட்சத்துக்கு, நிலையான கழிவு ரூ.75,000 போக, செஸ் சேர்த்து வரி ரூ.2,92,500. அதாவது மாதம் ரூ.24,375 பிடிப்பாங்க. வீடு சேர்ந்த சிங்கப்பூர் வரி 5,765 வெள்ளி, சுமார் ரூ.3.75 லட்சம். மீதி ரூ.82,000 கம்பெனி தலையில். உங்களுக்கு நிம்மதி.

ஆனா வீடு இல்லாத பேக்கேஜ் என்றால்? சிங்கப்பூர் வரி 2,720 வெள்ளி, சுமார் ரூ.1.77 லட்சம்தான். உங்களிடம் பிடிப்பதோ அதே ரூ.2,92,500. வித்தியாசம் சுமார் ரூ.1.16 லட்சம் கம்பெனிக்குப் போகும்! இது ஏமாற்று இல்லை, திட்டமே அப்படித்தான். 'டாக்ஸ் ப்ரொடெக்ஷன்' என்று எழுதியிருந்தால் அந்த மீதி உங்களுக்கு. இரண்டு வார்த்தையும் கேட்க ஒண்ணுபோல இருக்கும், குழப்பிக்காதீங்க.

இன்னொண்ணு: ஈக்வலைசேஷனில் இருக்கும்போது வருமான வரி ரீஃபண்ட் உங்க அக்கவுன்ட்டுக்கு வந்தால், வருஷக் கடைசி கணக்குத் தீர்ப்பில் கம்பெனி அதைத் திரும்பக் கேட்கும். செலவு பண்ணிடாதீங்க.

எந்தத் திட்டமும் இல்லைன்னா தேதியைப் பாருங்க

வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் பொதுவா என்.ஆர்.ஐ. செப்டம்பர் 28-ல் கிளம்பினால் 181 நாள். 29-ல் கிளம்பினால் 182 நாள். ரெசிடென்ட் ஆகிவிடுவீங்க, சிங்கப்பூர் சம்பளமும் இந்திய வரிக் கணக்குக்குள் வரும். அங்கே கட்டிய வரிக்குக் கழிவு உண்டு, ஆனா இந்திய வரி அதிகம் என்பதால் மீதியை இங்கே கட்டணும். பொங்கலுக்கு பள்ளிப்பட்டு வந்து தங்கும் நாளும் இதே எண்ணிக்கையில் சேரும். அதனால ஆகஸ்ட் 31-ல் கிளம்பினால் 153 நாள் முடிந்திருக்கும். மார்ச் வரை ஊரில் இருக்க உங்களிடம் மிச்சம் 28 நாள்தான்.